எட்டில் ஒன்று: விட்டுவிட்டு அறுபடும் எஸ்.எஸ்.எச். இணைப்பும் அதற்கான டிக்கெட்டும்

ஜொகூர் பாருவில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து சிங்கப்பூரில் இயங்கும் கிளவுட் சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய முயலும்போது, பெரும்பாலான முறை உடனே வழி திறப்பதும், எப்போதாவது ஒரு முறை திரை நெடுநேரம் அசையாமல் நின்று Connection timed out என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுவதும், வலையமைப்பைப் பராமரிப்போர் நன்கறிந்த கோளாறு. முழுமையாக அறுந்துபோன இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டுவிட்டு அறுபடுவதைக் கண்டுபிடிப்பது கடினம். அதைக் கிளவுட் வழங்குநரின் உதவிப் பிரிவுக்குப் புரியும்படி எழுதுவது அதனினும் கடினம். ‘சில வேளைகளில் வேலை செய்யவில்லை’ என்று எழுதப்படும் டிக்கெட்டுக்கு, ‘எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக உள்ளது’ என்ற பதிலே பெரும்பாலும் வந்து சேர்கிறது. அந்தப் பதில் அலட்சியத்தால் மட்டும் வருவதில்லை. வழங்குநரின் பொறியாளர் சோதித்துப் பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாகவே இருக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஆகவே ‘சில வேளைகளில்’ என்பதை ‘இந்த நிலையில் எப்போதும்’ என்று மாற்றித் தரும் ஒரு சோதனையைக் கண்டுபிடிப்பதே டிக்கெட் எழுதுபவரின் முதற் கடமையாகிறது.

எஸ்.எஸ்.எச். என்பது தொலைவில் உள்ள கணினிக்குள் மறையாக்கம் செய்யப்பட்ட வழியில் நுழைந்து கட்டளைகளை இயக்க உதவும் நெறிமுறை. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995-இல், வலையமைப்பில் ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட நிகழ்வை அடுத்து, டாட்டு யிலோனன் அதை உருவாக்கினார். சர்வரில் அது 22 என்ற போர்ட் எண்ணில் காத்திருக்கும். போர்ட் என்பது ஒரே முகவரியில் இயங்கும் பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். சேரும் இடத்துக்கு ஒரு போர்ட் எண் இருப்பதுபோலவே புறப்படும் கணினியும் ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் ஒரு போர்ட் எண்ணைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் கணினிகளில் அது வழக்கமாக 32768-க்கும் 60999-க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண். யாரும் கவனிக்காத இந்தப் புறப்படும் போர்ட் எண்ணே இவ்வுரையின் மையப் பொருள்.

விளக்கத்துக்காக இங்கு ஓர் அலுவலகம் அமைத்துக்கொள்ளப்படுகிறது. அதன் பொது முகவரி 203.0.113.10, சர்வரின் முகவரி 198.51.100.25. இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதிகளைச் சேர்ந்தவை. அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே ரவுட்டர் வழியாக, அதே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டு வெளியே செல்கின்றன. எட்டு முயற்சிகளில் ஏறத்தாழ ஒன்று தோற்கிறது. தோற்றவுடன் மீண்டும் முயன்றால் நுழைவு கிடைக்கிறது. உள்ளே நுழைந்தபின் இணைப்பு மணிக்கணக்கில் நிலைத்து நிற்கிறது. கைப்பேசியின் இணையத்திலிருந்து முயன்றால் கோளாறே இல்லை.

முதலில் செய்ய வேண்டியது, திரையில் தோன்றும் வரியைச் சொல்மாறாமல் குறித்துக்கொள்வது. எஸ்.எஸ்.எச். தோற்கும் விதங்கள் பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுகிறது. Connection refused என்று வந்தால், சர்வரோ வழியில் உள்ள ஒரு ஃபயர்வாலோ வாய்திறந்து மறுத்திருக்கிறது என்று பொருள். பொதிகள் சென்று சேர்ந்து பதிலும் திரும்பி வந்திருப்பதால் பாதையின்மேல் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. Connection closed என்று வந்தால், இணைப்பு ஏற்பட்ட பிறகு சர்வர் அதை வெட்டியிருக்கிறது. 2024 ஜூலையில் வெளிவந்த ஓப்பன்-எஸ்.எஸ்.எச். 9.8 பதிப்பிலிருந்து, ஒரே முகவரியிலிருந்து தவறான நுழைவு முயற்சிகள் குவிந்தால் அம்முகவரியைச் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இயல்பிலேயே உள்ளது. ஒரு பொது முகவரியைப் பலர் பகிரும் அலுவலகத்தில் ஒருவர் செய்யும் பிழைக்கு எல்லாரும் கதவுக்கு வெளியே நிற்க நேரிடும். ஆனால் அப்போதும் திரையில் தோன்றுவது காலக்கெடு முடிவு அன்று. -v என்ற சேர்க்கையோடு ssh கட்டளையை இயக்கும்போது, இணைப்பு ஏற்பட்டு, மறைகுறித் திறவிகளைப் பரிமாறத் தொடங்கி, expecting SSH2_MSG_KEX_ECDH_REPLY என்ற வரியில் நின்றுவிட்டால் அது முற்றிலும் வேறு நோய். சிறிய பொதிகள் கடந்து, பெரிய பொதிகள் வழியில் விழுகின்றன என்பதே அதன் அடையாளம். பி.பி.பி.ஓ.இ. முறையில் இயங்கும் ஒளியிழை இணைப்பில் ஒரு பொதியின் மிகப்பெரிய அளவு 1500 பைட்டுக்குப் பதிலாக 1492 பைட்டாகக் குறைவதை ஒரு முனை அறியாதிருக்கும்போது அது நேர்கிறது.

எடுத்துக்கொண்ட அலுவலகத்தில் திரை நிற்பது இவை எல்லாவற்றுக்கும் முன்னால், Connecting to 198.51.100.25 [198.51.100.25] port 22 என்ற வரியிலேயே. டி.சி.பி. என்னும் போக்குவரத்து நெறிமுறையில் ஓர் இணைப்பு மூன்று பொதிகளால் தொடங்குகிறது: புறப்படும் கணினி ‘சின்’ எனப்படும் அழைப்புப் பொதியை அனுப்புகிறது, சர்வர் ‘சின்-ஆக்’ எனப்படும் ஏற்புப் பொதியைத் திருப்பி அனுப்புகிறது, மூன்றாவதாகப் புறப்பட்ட கணினி அதற்கு ஒப்புதல் தருகிறது. காலக்கெடு முடிந்தது என்றால், அழைப்புக்கு ஏற்பு வந்து சேரவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. அழைப்பு போகும் வழியில் தொலைந்ததா, சர்வர் அதைப் பெற்றும் பேசாதிருந்ததா, ஏற்பு திரும்பும் வழியில் தொலைந்ததா என்பதை அந்த வரி சொல்வதில்லை.

ஆனால் அதே வரி மற்றொன்றைச் சொல்கிறது. பலரும் அதைத் தவறவிடுகின்றனர். லினக்ஸ் கணினி ஒரே ஓர் அழைப்பை அனுப்பிவிட்டுக் கைவிடுவதில்லை. பல பதிப்புகளின் இயல்பான அமைப்பில், முதல் அழைப்புக்குப் பதில் வராவிட்டால் 1, 3, 7, 15, 31, 63 ஆகிய வினாடிகளில் மேலும் ஆறு முறை அழைத்துப் பார்த்து, ஏறத்தாழ 127 வினாடிகள் ஆன பிறகே தோல்வியை அறிவிக்கிறது. ஆக, ஒவ்வொரு தோல்விக்கும் பின்னால் பதில் பெறாத ஏழு அழைப்புகள் உள்ளன. வழியில் பொதிகள் தற்செயலாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைகின்றன என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒன்று தொலையும் மோசமான பாதையிலும் தொடர்ந்து ஏழும் தொலைவதற்கான வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்றே. எட்டு முயற்சிகளில் ஒன்று தோற்க வேண்டுமானால், போக்கும் வரவும் சேர்த்து நூற்றுக்கு 74 பொதிகள் தொலைந்தாக வேண்டும். அத்தகைய பாதையில் உள்ளே நுழைந்தவர்கள் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் தோன்றப் பல வினாடிகள் காத்திருக்க நேரிடும். அலுவலகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே கோளாறு நேரத்தைப் பற்றியதன்று; ஒவ்வோர் இணைப்பையும் பற்றியது. இரண்டு நிமிடம் ஏழு முறை அழைத்தும் திறக்காத வழி, அடுத்த கணமே புதிய இணைப்புக்குத் திறக்கிறது என்றால், அந்த ஏழு அழைப்புகளுக்கும் பொதுவாக இருந்து, புதிய அழைப்பில் மாறியது எது என்பதே கேள்வி. இரு முனைகளின் முகவரிகளும் மாறவில்லை. சேரும் போர்ட் 22 மாறவில்லை. மாறியது புறப்படும் போர்ட்.

அந்த எண் பாதையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை விளக்க, பெரிய வலையமைப்புகளின் உள்ளமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். இரு ரவுட்டர்களுக்கிடையே ஒரே ஒரு தடம் போதாதபோது நான்கு, எட்டு, பதினாறு என்று பல தடங்களைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்துகின்றனர். சில இடங்களில் சம தொலைவுள்ள பல பாதைகளுக்குச் சுமையைப் பகிர்ந்தளிக்கின்றனர். ஓர் இணைப்பின் பொதிகள் வரிசை பிறழாமல் சேர வேண்டுமானால் அவை அனைத்தும் ஒரே தடத்தில் செல்ல வேண்டும். அதற்காக ரவுட்டர் ஒவ்வொரு பொதியிலிருந்தும் நெறிமுறை, புறப்படும் முகவரி, புறப்படும் போர்ட், சேரும் முகவரி, சேரும் போர்ட் ஆகிய ஐந்தையும் எடுத்து, ஹாஷ் எனப்படும் கலவைக் கணக்கில் இட்டு, கிடைக்கும் எண்ணுக்குரிய தடத்தைத் தேர்கிறது. ஐந்தும் மாறாதவரை தடமும் மாறாது. இப்போது எட்டுத் தடங்களில் ஒன்றின் அட்டை பழுதடைந்து, ‘இயங்குகிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே பொதிகளை விழுங்கத் தொடங்கினால், எட்டில் ஓர் இணைப்பு பிறக்கும்போதே இறந்துவிடும்; மற்ற ஏழும் எந்தக் குறையும் இல்லாமல் நாள் முழுவதும் வாழும். தடம் அறுந்தால் உடனே எச்சரிக்கை எழும். அறுபடாமல் விழுங்கினால் எழாமலும் போகலாம். அலுவலகத்தார் கண்ட அறிகுறிகள் இந்தச் சித்திரத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்துகின்றன.

பிங் சோதனை ஏன் இங்கே பயனற்றது என்பதும் இதிலிருந்து விளங்கும். பிங் அனுப்பும் பொதிகளுக்குப் போர்ட் எண்ணே கிடையாது. பல ரவுட்டர்களில் அவை அனைத்தும் முகவரிகளை மட்டும் கொண்டு கணக்கிடப்பட்டு ஒரே தடத்தில் செல்கின்றன. அந்தத் தடம் நல்லதாக இருந்தால் ஆயிரம் பிங் அனுப்பினாலும் ஒன்றுகூடத் தொலையாது. டிக்கெட்டில் ‘பிங் சரியாக உள்ளது’ என்று எழுதுவதும், வழங்குநர் அதையே பிடித்துக்கொண்டு ‘பாதையில் பழுதில்லை’ என்று பதிலளிப்பதும் நாள்தோறும் நடக்கின்றன. இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். வழித்தடத்தை ஒவ்வொரு படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கருவியின் பழைய வடிவமும் இதே காரணத்தால் வழுக்கியது: அது ஒவ்வொரு பொதியிலும் சேரும் போர்ட்டை மாற்றிக்கொண்டே போவதால், வெவ்வேறு பாதைகளின் படிகளை ஒன்றாகக் கோத்து, இல்லாத ஒரு பாதையைக் காட்டிவிடும். 2006-இல் பாரிஸ் ட்ரேஸ்ரூட் என்ற பெயரில் வெளிவந்த கருவி, அந்த எண்களை மாற்றாமல் வைத்து இக்குறையைத் தீர்க்க முனைந்தது.

கருதுகோள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு முன் அலுவலகத்தின் சொந்த வீட்டைத் துப்புரவு செய்தாக வேண்டும். இரண்டு இணைய இணைப்புகளை வைத்துக்கொண்டு, புதிய இணைப்புகளை மாறிமாறி இரண்டிலும் அனுப்பும் ரவுட்டர்கள் அலுவலகங்களில் பரவலாக உள்ளன. கிளவுட் சர்வரின் ஃபயர்வால் விதியில் ஒரு பொது முகவரியை மட்டுமே அனுமதித்திருந்தால், மற்றொன்றின் வழியே செல்லும் அழைப்புகளை அந்த ஃபயர்வால் பதிலேதும் தராமல் கைவிடும். திரையில் தோன்றுவது அதே Connection timed out. அறிகுறி அப்படியே ஒத்திருப்பதால், வழங்குநர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகவே இருக்கும். நுழைவு கிடைத்த ஒவ்வொரு முறையும் சர்வரில் பின்வரும் கட்டளையை இயக்கிப் பார்த்தால், அலுவலகம் எந்த முகவரியாகவும் எந்தப் போர்ட்டாகவும் சர்வருக்குத் தெரிகிறது என்பது விளங்கும்.

```
echo $SSH_CONNECTION
203.0.113.10 40004 172.31.5.20 22
```

எப்போதும் ஒரே முகவரி தோன்றுவதோடு, ரவுட்டரின் அமைப்பிலும் ஒரே இணைப்பு இருப்பது உறுதியானால் இந்தக் கிளை முடிகிறது. வெற்றி பெற்ற முயற்சிகளை மட்டுமே இந்தக் கட்டளை காட்டும் என்பதால், ரவுட்டரின் அமைப்பைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. இரண்டாவது எண்ணும் முக்கியமானது: அலுவலகக் கணினி எடுத்த போர்ட்டை ரவுட்டர் அப்படியே வைத்திருக்கிறதா, வேறொன்றாக மாற்றுகிறதா என்பதை அது காட்டுகிறது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரவுட்டர்கள், அந்த எண் வேறு யாரிடமும் இல்லாதபோது, பெரும்பாலும் அதை மாற்றுவதில்லை. மாற்றும் ரவுட்டராக இருந்தால், அடுத்து வரும் சோதனையை ரவுட்டருக்கு வெளியே, இணைய இணைப்பில் நேரடியாகப் பொருத்திய கணினியிலிருந்துதான் செய்ய வேண்டும்.

சர்வரின் பக்கத்திலும் இதே முகமூடி அணிந்த ஒரு பழைய குற்றவாளி உண்டு. லினக்ஸில் tcp_tw_recycle என்ற அமைப்பை இயக்கிவைத்த சர்வர்கள், ஒரு முகவரியிலிருந்து வரும் பொதிகளின் நேரமுத்திரை எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கும். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இருக்கும்போது ஒவ்வொன்றின் முத்திரையும் வேறாக இருப்பதால், சிலருடைய அழைப்புகளை அது வாய்திறவாமல் எறிந்துவிடும். அலுவலகத்தில் மட்டும் கோளாறு, கைப்பேசியில் இல்லை என்ற அதே அறிகுறி இங்கும் தோன்றும். 2017-இல் வந்த லினக்ஸ் 4.12-இல் அந்த அமைப்பே நீக்கப்பட்டது. பழைய கருநிரல் இயங்கும் சர்வர்களில் மட்டும் இதைப் பார்க்க வேண்டும். கீழ்க்காணும் எண்ணிகள் ஒவ்வொரு தோல்வியின்போதும் ஏறுகின்றனவா என்று நோக்கினால் போதும்.

```
nstat -az TcpExtPAWSPassive TcpExtListenDrops
```

இனி முடிவு தரும் சோதனை. புறப்படும் போர்ட்டைக் கணினியின் விருப்பத்துக்கு விடாமல் வரிசையாகக் குறித்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் 22-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பதே அது.

```
for p in $(seq 40000 40063); do
  nc -z -w 5 -p $p 198.51.100.25 22 \
    && echo "$p ok" || echo "$p FAIL"
  sleep 3
done
```

இந்தச் சுற்று 64 போர்ட்டுகளைத் தொட்டுவிட்டு முடிய நான்கு நிமிடம் வரை ஆகும். இடையே மூன்று வினாடி விடுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. அடுத்தடுத்து வரும் வெற்று அழைப்புகளைத் தாக்குதல் என்று சர்வர் எண்ணிவிடக் கூடாது என்பது ஒன்று. முடிந்துபோன இணைப்பின் நினைவைக் கணினி ஒரு நிமிடமும் ரவுட்டர் இரண்டு நிமிடம் வரையும் வைத்திருக்கும் என்பதால், அதே போர்ட்டுக்கு அடுத்த சுற்றில் திரும்பி வருவதற்குள் அந்த நினைவு அழிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதனினும் விரைவாகச் சோதித்தால் சோதனையே பொய்யான தோல்விகளை உண்டாக்கும்.

எடுத்துக்கொண்ட அலுவலகத்தில் முதற் சுற்றில் 40003, 40009, 40020, 40026, 40031, 40045, 40052, 40062 ஆகிய எட்டும் தோற்கின்றன என்று கொள்க. இரண்டாம் சுற்றிலும் அதே எட்டு. மாலையில் வேறொரு கணினியிலிருந்து இயக்கிய மூன்றாம் சுற்றிலும் அதே எட்டு. மற்ற 56-இல் ஒன்றுகூட ஒருமுறையும் தோற்கவில்லை. ‘சில வேளைகளில்’ என்பது இங்கே மறைந்துவிடுகிறது. 40003 எப்போதும் தோற்கிறது. 40004 எப்போதும் வெல்கிறது. தோற்கும் போர்ட்டுகள் சுற்றுக்குச் சுற்று மாறியிருந்தால் பாதையை விட்டுவிட்டு, ரவுட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பி வழிகிறதா, சர்வர் சுமையால் திணறுகிறதா என்று தேட வேண்டியிருந்திருக்கும். அட்டவணை நிரம்பும்போது லினக்ஸ் ரவுட்டரின் பதிவில் nf_conntrack: table full, dropping packet என்ற வரி தெளிவாகவே விழும்.

அடுத்து, போகும் வழியா திரும்பும் வழியா என்பதைப் பிரிக்க வேண்டும். முன்பே நுழைந்து நிலைத்திருக்கும் ஓர் இணைப்பின் வழியாகச் சர்வரில் பொதிகளைப் பதிவுசெய்யும் கருவியை இயக்கிவிட்டு, அலுவலகத்திலிருந்து 40003-ஐ மீண்டும் அனுப்பினால் விடை கிடைக்கும்.

```
sudo tcpdump -ni any 'host 203.0.113.10 and port 40003'
```

அழைப்பு வந்ததாக [S] என்ற குறியோடு வரி தோன்றாவிட்டால் அது போகும் வழியில் தொலைகிறது. அப்போது sudo traceroute -T -p 22 --sport=40003 198.51.100.25 என்று புறப்படும் போர்ட்டைப் பொருத்தி அலுவலகத்திலிருந்து வழியை ஆராய்ந்து, 40004-க்குக் கிடைக்கும் வழியோடு ஒப்பிடலாம்; இரண்டும் பிரியும் இடத்தை ஒட்டியே பழுது இருக்கும். [S] தோன்றி, அதற்கு [S.] என்ற ஏற்புக் குறி புறப்படாவிட்டால் பழுது சர்வரிலேயே. இந்த அலுவலகத்தில் இரண்டும் தோன்றுகின்றன: அழைப்பு வந்து சேர்கிறது, ஏற்பு புறப்படுகிறது, ஒன்றிரண்டு வினாடியில் அதே அழைப்பு மீண்டும் வருகிறது, ஏற்பு மீண்டும் புறப்படுகிறது. அலுவலக ரவுட்டரின் வெளிப்புற வாயிலில் அதே நேரத்தில் எடுத்த பதிவில் ஏற்பு எதுவும் வரவில்லை. ஆகவே பழுது சிங்கப்பூர் சர்வருக்கும் ஜொகூர் பாரு ரவுட்டருக்கும் இடையே, திரும்பும் வழியில் உள்ளது.

திரும்பும் வழியைத் தேர்பவர் கிளவுட் வழங்குநர் என்பதைப் பலர் கருதுவதில்லை. போகும் பொதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை அலுவலகத்தின் இணைய நிறுவனம் தீர்மானிக்கிறது. வரும் பொதியை எந்த வாயிலில் வெளியேற்றுவது என்பதை வழங்குநரின் ரவுட்டர்கள் தீர்மானிக்கின்றன. இரண்டும் ஒரே பாதையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜொகூரில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. நீரிணையைக் கடக்கும் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளம். ஆனால் ஜொகூர் பாருவிலிருந்து புறப்படும் பொதி அந்தக் குறுக்கு வழியில்தான் சிங்கப்பூருக்குச் செல்கிறது என்று சொல்ல முடியாது. இணைய நிறுவனம் தன் வெளியிணைப்புகளைக் கோலாலம்பூரில் வைத்திருந்தால், பொதி ஏறத்தாழ 330 கிலோமீட்டர் வடக்கே சென்று மீண்டும் தெற்கே இறங்கும். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிவினாடியில் 200 கிலோமீட்டர் அளவே ஓடுவதால், நேர் வழியில் போய்வர ஒன்றிரண்டு மில்லிவினாடி போதும். போக்கும் வரவும் கோலாலம்பூர் வழியே சுற்றினால் ஏறத்தாழ ஏழு மில்லிவினாடியாவது ஆகும். கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் இருப்பதெல்லாம் வலையமைப்பிலும் பக்கம் என்று எண்ணிவிடலாகாது. போய்வரும் நேரத்தை டிக்கெட்டில் குறிப்பிட்டால், பொதி சுற்றி வருகிறதா என்பதை வழங்குநரின் பொறியாளர் பார்த்தவுடனே உணர்வார்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகிறது: பழுதான தடம் வழங்குநருடையதா, மலேசிய இணைய நிறுவனத்துடையதா? அலுவலகத்திலிருந்து முழுத் துணிவோடு இதைச் சொல்ல முடியாது. ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று காட்ட முடியும். அதே 64 போர்ட்டுச் சுற்றை அதே வழங்குநரின் சிங்கப்பூர் மண்டலத்தில் உள்ள இரண்டாவது சர்வருக்கு அனுப்பினால் ஏழு தோற்கின்றன. எண்கள் மட்டும் வேறு. சேரும் முகவரி மாறியதால் ஹாஷ் கணக்கின் விடையும் மாறுகிறது, ஆகவே எண்கள் வேறாவது எதிர்பார்த்ததே. சிங்கப்பூரில் வேறொரு நிறுவனத்திடம் உள்ள சர்வருக்கு அனுப்பினால் ஒன்றுகூடத் தோற்கவில்லை. இரு நிறுவனங்களிலிருந்தும் திரும்பும் பாதைகளுக்குப் பொதுவான பகுதி, அதாவது அலுவலகத்தை ஒட்டிய கடைசிப் பகுதி, பழுதற்றது என்றே இது காட்டுகிறது. வழங்குநரின் வெளிவாயிலும், அங்கிருந்து மலேசிய நிறுவனத்துக்கு வரும் சந்திப்பும்தான் எஞ்சுகின்றன. சந்திப்புக்கு இரு உரிமையாளர்கள் இருப்பதால், அதே சான்றுகளோடு இணைய நிறுவனத்துக்கும் ஒரு டிக்கெட் அனுப்புவதே நேர்மையான வழி. ஒருவரைக் காட்டி மற்றவர் விலகிக்கொள்ள அது இடம்தராது.

இத்தனையும் செய்து முடித்த பிறகு டிக்கெட் மிகச் சிறியதாகிவிடுகிறது. அதன் வடிவம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

“சிங்கப்பூர் மண்டலத்தில் உள்ள 198.51.100.25 என்ற சர்வரிலிருந்து, ஜொகூர் பாருவில் உள்ள 203.0.113.10 என்ற முகவரிக்குத் திரும்பும் டி.சி.பி. பொதிகள், குறிப்பிட்ட சில போர்ட் எண்களுக்கு மட்டும் எப்போதும் தொலைகின்றன. புறப்படும் போர்ட் 40003 மூன்று சுற்றுகளிலும் தோற்றது. 40004 மூன்றிலும் வென்றது. 64 போர்ட்டுகளில் அதே எட்டு மட்டுமே ஒவ்வொரு முறையும் தோற்றன, பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

தோற்ற போர்ட்டுகளுக்கான அழைப்பு சர்வரை வந்தடைவதும், ஏற்பு சர்வரிலிருந்து புறப்படுவதும், அந்த ஏற்பு அலுவலக ரவுட்டரின் வெளிவாயிலை அடையாததும் ஒரே நேரத்தில் இரு முனைகளிலும் எடுத்த பதிவுகளில் உள்ளன. பதிவு நேரம் மலேசிய நேரம் காலை 10:15 முதல் 10:19 வரை, யூ.டி.சி. நேரம் 02:15 முதல் 02:19 வரை.

ஃபயர்வால் விதி சரிபார்க்கப்பட்டது. அலுவலகத்துக்கு ஒரே பொது முகவரி மட்டுமே உண்டு. பிங் சோதனையில் இழப்பு இல்லை. போர்ட் எண் இல்லாத அந்தச் சோதனை இக்கோளாற்றைக் காட்டாது. இதே மண்டலத்தின் மற்றொரு சர்வருக்கும் ஏழு போர்ட்டுகள் தோற்றன. வேறு நிறுவனத்தின் சர்வருக்கு எதுவும் தோற்கவில்லை. பல தடங்களில் சுமை பகிரும் இடத்தில் ஒரு தடம் பொதிகளைக் கைவிடுகிறது என்று ஐயம். புறப்படும் போர்ட் 22, சேரும் போர்ட் 40003 என்ற எண்களுக்கு வெளிச்செல்லும் தடம் எது என்று பார்க்க வேண்டுகிறோம்.”

இதில் கடைசி வரியே மிகவும் பயன்படுவது. எந்தப் பொதி எந்தத் தடத்தில் செல்லும் என்று ஐந்து எண்களைக் கொடுத்துக் கேட்டால் விடை சொல்லும் வசதி பெரிய ரவுட்டர்களில் உண்டு. அந்த ஐந்தும் டிக்கெட்டிலேயே இருப்பதால், முதல்நிலை உதவியாளர் எதையும் திருப்பிக் கேட்காமல் வலையமைப்புக் குழுவிடம் ஒப்படைக்க முடிகிறது. இரு நேரங்களையும் எழுதுவது அவசியம்: வழங்குநரின் பதிவுகள் பெரும்பாலும் யூ.டி.சி. நேரத்தில் இருப்பதால், எட்டு மணி நேர வேறுபாட்டைக் கணக்கிடும்போது நேரும் தவறால் வேறொரு நாளின் பதிவைத் தேடி ‘ஒன்றும் இல்லை’ என்று டிக்கெட்டை மூடிவிடுவதும் உண்டு. சோதித்து வெற்றி பெற்றவற்றையும் எழுதுவது, அவற்றை மீண்டும் செய்யச் சொல்லி நாள்கள் கழியாதிருக்க. -v தரும் முழுப் பதிவை இணைப்பவர்கள், அதில் உள்ள பயனர் பெயர்களையும் கோப்புப் பாதைகளையும் பார்த்து மறைத்தபின் அனுப்ப வேண்டும். தனித் திறவிக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கலாகாது.

விடை வரும்வரை அலுவலக வேலை நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மறுமுயற்சியும் புதிய புறப்படும் போர்ட்டோடு செல்வதால், நெடுநேரம் காத்திருப்பதைத் தவிர்த்து விரைவில் கைவிட்டு மீண்டும் முயலும்படி எஸ்.எஸ்.எச். அமைப்பை மாற்றினால் போதும்.

```
Host 198.51.100.25
  ConnectTimeout 5
  ConnectionAttempts 3
```

எட்டில் ஒன்று தோற்கும் நிலையில், மூன்றும் தோற்பதற்கான வாய்ப்பு 512-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். இந்த ஏற்பாடு நோயை மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. ஆகவே சோதனை நடத்தும் கணினியில் மட்டும் இதைச் சேர்க்காமல் விட வேண்டும், டிக்கெட்டிலும் இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட வேண்டும்.

‘சரிசெய்யப்பட்டது’ என்ற பதில் வந்தபின், பழைய எட்டுப் போர்ட்டுகளை மட்டும் சோதித்து டிக்கெட்டை மூடுவது போதாது. பழுதான தடத்தைத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டாலோ புதிய தடத்தைச் சேர்த்தாலோ, எந்த எண்ணுக்கு எந்தத் தடம் என்ற பங்கீடு முழுவதும் கலைந்து மாறலாம். பழுது நீங்காமலேயே பழைய எட்டும் நல்ல தடங்களுக்கு இடம்பெயர்ந்திருக்கலாம். எட்டுத் தடங்கள் இருந்த இடத்தில் 32 இருந்து, அவற்றில் ஒன்று பழுதாக இருந்தால், 64 போர்ட்டுகளைச் சோதித்தும் அது கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவில் உள்ளது. 256 போர்ட்டுகளைச் சோதித்தால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். ஆகவே மேற்கண்ட கட்டளையில் 40063 என்பதை 40255 என்று மாற்றி, ஒரு நாளில் காலை, மாலை என இரண்டு சுற்றுகள் இயக்கி, ஒரு FAIL கூட விழாதபோதே டிக்கெட்டை மூட ஒப்புதல் தர வேண்டும். அப்போதும் சில விழுந்தால், புதிய எண்களின் பட்டியலையும் நேரத்தையும் அதே டிக்கெட்டில் சேர்த்து எழுத வேண்டும். புதிதாக ஒன்றைத் திறந்தால் பழைய சான்றுகளிலிருந்து வழக்கு துண்டிக்கப்பட்டு, பிங் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்கும்.